பலகையைப் பார்க்காதவரின் விலை

காலை ஏழரை மணிக்குக் காபி குடிக்க வருபவர் விலைப்பலகையைப் பார்ப்பதில்லை. "சர்க்கரை கம்மியா ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே கைபேசியை எடுக்கிறார். கல்லாமேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து 47 என்று தட்டுகிறார். விலையை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சவுண்ட் பாக்ஸ் தொகையைச் சொல்லி முடிப்பதற்குள் டம்ளர் வந்துவிடுகிறது. அவருக்குப் பின்னால் முதன்முறையாக வந்திருக்கும் ஒரு பெண் தலையை நிமிர்த்திப் பலகையை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருக்கிறார். எது மலிவு, எது நடுவிலிருக்கிறது, எதை வாங்கினால் ஏமாற மாட்டோம் என்று அவர் மனம் கணக்குப் போடுகிறது.

கஃபேக்களுக்கு விலை வைக்கும் உத்திகளாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்தப் பெண்ணுக்காக உருவானவை. விலை உயர்ந்த ஒன்றைக் கண்ணில் படும்படி வைத்து மற்றவற்றை மலிவாகத் தோன்றச் செய்யும் நங்கூர விலை ஒன்று. எண்களை 99 என்றோ 100 என்றோ முடித்துவைக்கும் ரவுண்டு விலை இன்னொன்று. இரண்டும் பலகையைப் படிப்பவரிடம்தான் பேசுகின்றன. ஆனால் ஒரு சிறிய கஃபேயின் வாடகையைக் கட்டுவது அந்தப் பலகையைப் பார்க்காமலே 47 என்று தட்டும் மனிதர். அவருடைய நங்கூரம் பலகையில் இல்லை, நேற்று அவர் கொடுத்த பணத்தில் இருக்கிறது. இந்த உத்திகளை எடைபோடும்போது அவர் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம். அப்படிப் பார்த்தால், பலமாகச் சொல்லப்படும் சில விஷயங்கள் அவ்வளவு பலமாக இல்லை. யாரும் பெரிதாகப் பேசாத சில இடங்களில்தான் காயம் படுகிறது.

முதலில் நங்கூரம். இதன் மூலம் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் வெளியிட்ட ஒரு சோதனை. சுழலும் சக்கரம் ஒன்றைச் சுற்றவிட்டார்கள். அது 10 அல்லது 65 என்ற எண்ணில் மட்டும் நிற்கும்படி முன்பே செய்யப்பட்டிருந்தது. பிறகு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் இருக்கும் என்று கேட்டார்கள். சக்கரத்தில் 10 பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25, 65 பார்த்தவர்களுடையது 45. கேள்விக்கும் சக்கரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் முதலில் கண்ட எண் மனத்தை இழுத்துப் பிடித்துவைத்தது.

கடைக்குப் பக்கத்தில் வரும் சோதனை இட்டாமர் சைமன்சனும் ட்வெர்ஸ்கியும் 1992இல் வெளியிட்டது. 170 டாலர் கேமரா, 240 டாலர் கேமரா என்று இரண்டை மட்டும் காட்டியபோது மக்கள் சரிபாதியாகப் பிரிந்தார்கள். 470 டாலர் கேமரா ஒன்றையும் சேர்த்துக் காட்டியபோது, நடுவில் வந்துவிட்ட 240 டாலர் கேமராவை 57 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். மலிவானதைத் தேர்ந்தவர்கள் 22 சதவீதமாகக் குறைந்தார்கள். மிக மலிவானதும் வேண்டாம், மிக விலை கூடியதும் வேண்டாம் என்று நினைக்கும் மனிதருக்கு நடு என்பது பாதுகாப்பான இடம். அந்த நடு எங்கே விழவேண்டும் என்பதை மூன்றாவது பொருள் தீர்மானித்துவிடுகிறது.

இதில் பொய் எதுவும் இல்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். மூன்றாவது கேமரா உண்மையான கேமரா. வேண்டுமென்பவர் வாங்கலாம், 21 சதவீதம் பேர் அதைத் தேர்ந்தும் இருக்கிறார்கள். ஒரு கஃபே தன் நல்ல சரக்கைப் பலகையின் மேல்வரிசையில் வைப்பதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். குறை வேறிடத்தில் இருக்கிறது. கேமரா வாங்குபவர் சில வருடங்களுக்கு ஒருமுறைதான் வாங்குகிறார். அவருக்குச் சரியான விலை என்னவென்று தெரியாது. தெரியாத இடத்தில்தான் நங்கூரம் ஊன்றும். காபி குடிப்பவர் மாதத்தில் 26 நாள் வாங்குகிறார். அவருக்கு விலையும் தெரியும், டம்ளரின் கனமும் தெரியும், எந்த மாஸ்டர் போட்டால் டிகாஷன் தூக்கலாக இருக்கும் என்பதும் தெரியும். சக்கரத்தில் எந்த எண் வந்தாலும் அவர் மதிப்பீடு நகராது.

நங்கூரத்துக்கு நெருங்கிய உறவான ஓர் உத்தி உண்டு. எவரும் வாங்காத அளவுக்கு மோசமான ஒரு தெரிவை வேண்டுமென்றே பக்கத்தில் வைத்து, நாம் விற்க நினைப்பதை உயர்த்திக் காட்டுவது. இதைத் தூண்டில் விலை எனலாம். ஷேன் ஃபிரெடரிக்கும் அவருடன் இருவரும் 2014இல் இதைப் பல வகையில் மறுபடி சோதித்தார்கள். பொருளின் தன்மைகளை எண்களாக எழுதிக் காட்டியபோது தூண்டில் வேலை செய்தது. படமாகக் காட்டியோ நேரடியாக அனுபவிக்கக் கொடுத்தோ கேட்டபோது பெரும்பாலும் செய்யவில்லை. கஃபே வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டிய முடிவு இது. பலகையில் எண்ணை மட்டும் பார்ப்பவர் தூண்டிலுக்கு அசையலாம். குடித்துப் பார்த்தவர் அசையமாட்டார். எனவே தூண்டிலால் கிடைப்பது முதல் வருகையின் லாபம் மட்டுமே, அதன் சந்தேகத்தைச் சுமப்பதோ திரும்பத் திரும்ப வருபவர். தூண்டிலை நான் இங்கேயே விட்டுவிடுகிறேன். ஒரு தெருக்கோடிக் கடைக்கு அது தேவையில்லை.

இனி ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. கோவையிலோ திருச்சியிலோ ஒரு நடுத்தர கஃபேக்குப் பெரிய அளவில் பொருந்தும். ஃபில்டர் காபி 45 ரூபாய், வரி தனி. காப்புச்சினோ இரண்டு அளவு: 150 மில்லி ஸ்மால் 120 ரூபாய், 240 மில்லி லார்ஜ் 150 ரூபாய், இவை வரியோடு சேர்த்து. நாளொன்றுக்கு 40 ஸ்மாலும் 20 லார்ஜும் போகின்றன. முதலாளி 350 மில்லியில் ஒன்றை 200 ரூபாய்க்குக் கொண்டுவர நினைக்கிறார். அதிகம் விற்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நடுவிலிருக்கும் 150 ரூபாய்க்கு ஆட்கள் நகர்வார்கள் என்பதே அவர் கணக்கு.

அவர் எதிர்பார்த்தபடியே நடந்தது என்று வைத்துக்கொள்வோம். 28 சிறியது, 28 நடு, 4 பெரியது. முன்பு நாள் வரவு 7,800 ரூபாய், இப்போது 8,360. கூடுதல் 560. இதில் வரியாகப் போவது 27 ரூபாய். பெரிய கோப்பைகளுக்காக ஒன்றரை லிட்டர் பால் கூடுதலாகச் செலவாகும், அது ஏறக்குறைய 100 ரூபாய். மீதி 430 சொச்சம் நிற்கும். மாதத்துக்கு 26 நாள் என்றால் பதினோராயிரம் ரூபாய். மூன்றாவது வரி ஒன்றைப் பலகையில் எழுதியதற்கு இது நல்ல பலன். நங்கூரத்தின் பலத்தை மறுக்க எனக்கு மனமில்லை.

எங்கே தவறுகிறது என்றால், அந்த மூன்றாவது வரியை எழுதும்போது. மூன்று அளவு வந்ததும் முதலாளி இயல்பாக ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று எழுதுகிறார். நேற்றுவரை லார்ஜ் என்பது 240 மில்லி, 150 ரூபாய். இன்று அது மீடியம். இரண்டு வருடமாக "ஒரு லார்ஜ்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இன்றும் அதையே சொல்கிறார். கல்லாவில் புதிதாகச் சேர்ந்த பையன் 200 ரூபாய் பில் போடுகிறான். வந்த கோப்பையைப் பார்த்து அவர் விழிக்கிறார். விலை ஏறிவிட்டது என்று நினைக்கிறார், இவ்வளவு பால் எனக்கெதற்கு என்றும் நினைக்கிறார். உண்மையில் விலை ஏறவே இல்லை. அவர் பயன்படுத்திய சொல் இடம் மாறிவிட்டது. பில்லைத் திருத்திக் கொடுத்தாலும், இந்தக் கடையில் இனிப் பலகையைப் படித்துத்தான் பேசவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. படிக்க ஆரம்பித்தவர் மற்ற விலைகளையும் படிப்பார், பக்கத்துக் கடையோடும் ஒப்பிடுவார்.

பெரிய நிறுவனங்களில் இது நடந்திருக்கிறது. ஸ்டார்பக்ஸ் தொடக்கத்தில் ஷார்ட், டால், கிராண்டே என்று வைத்திருந்தது. அங்கே டால் என்றால் சிறியதைவிட உயரமானது. பெயர் பொருளோடு ஒட்டியிருந்தது. 1990களில் வென்ட்டி என்ற இன்னும் பெரிய அளவு வந்தது, ஷார்ட் பலகையிலிருந்து போய்விட்டது. உயரம் என்று பெயர்கொண்ட டால், பலகையில் மிகச் சிறியதாக நின்றது. கேட்டால் ஷார்ட் கிடைக்கும் என்பது பழகியவர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தியாகிவிட்டது. உலகமெங்கும் கிளை பரப்பிய நிறுவனம் அந்தக் குழப்பத்தைத் தாங்கிக்கொள்ளும், அதன் சொற்களை வாடிக்கையாளர்கள்தான் கற்றுக்கொள்ளவேண்டியிருக்கும். ஒரே கிளையுள்ள கஃபேயின் நிலை வேறு. அங்கே வாடிக்கையாளரின் சொல்லைக் கடை கற்றுவைத்திருக்கிறது. "லார்ஜ்" என்பது கடைக்கும் அவருக்கும் இடையிலான பழைய ஒப்பந்தம்.

ஆகவே புது அளவுக்குப் புதுப் பெயர் வைக்கவேண்டும். ஸ்மாலும் லார்ஜும் இருந்த இடத்தில் இருக்கட்டும். 350 மில்லிக்கு மக் என்றோ ஜம்போ என்றோ எழுதட்டும். நங்கூரத்தின் வேலைக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. முதன்முறை வந்த பெண்ணுக்கு மூன்று விலைகளும் வரிசையாகத் தெரிகின்றன, நடு நடுவாகவே இருக்கிறது. வழக்கமாக வருபவருக்கு அவர் வாய்ச்சொல் அதே பொருளைக் கொண்டுவருகிறது. மூன்றின் கொள்ளளவையும் மில்லியில் பக்கத்தில் எழுதிவிட்டால், 50 ரூபாய் கூடுதலுக்கு 110 மில்லி கிடைக்கிறது என்பது வெளிப்படையாகிவிடும். சிலர், எழுதினால் உத்தி கெட்டுவிடும் என்று அளவை மறைக்கிறார்கள். அளவைச் சொன்னால் கெட்டுப்போகும் உத்தி கெட்டுப்போகட்டும்.

நங்கூரமாக வைக்கும் பொருள் வேறு வகையாக இருக்கும்போது இன்னொரு பிரச்சினை வருகிறது. ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றின் கொட்டையை மட்டும் வைத்து, கண்ணெதிரே வெந்நீர் ஊற்றி வடித்துத் தரும் காபியை 240 ரூபாய்க்குப் பலகையின் தலையில் எழுதுகிறார்கள். அதற்கு ஒரு கோப்பைக்கு 15 முதல் 18 கிராம் தூளும் ஓர் ஆளின் மூன்று நான்கு நிமிடமும் வேண்டும். வறுத்த கொட்டை சில வாரங்களில் மணம் இழக்கத் தொடங்கிவிடும். நாளுக்கு இரண்டு கோப்பைகூடப் போகாத கடையில் கால் கிலோ பை முடிவதற்குள் அதன் சிறப்பு போய்விடும். பிறகு யாராவது கேட்டால் "இன்னைக்கு இல்லீங்க" என்ற பதில் வருகிறது. மூன்றுமுறை அந்தப் பதிலைக் கேட்டவருக்கு அந்த வரி விற்பதற்காக எழுதப்பட்டதல்ல என்று புரிந்துவிடும். நங்கூரமாக ஒரு பொருளை வைப்பதென்றால் அதை வாரத்தின் ஏழு நாளும் செய்துதரும் தயாரிப்பு இருக்கவேண்டும். முடியாவிட்டால் சனி, ஞாயிறு மட்டும் என்று எழுதிவிடலாம்.

அதை ஃபில்டர் காபியின் தலைக்குமேல் எழுதுவதாலும் பயனில்லை. 240 ரூபாய் வடிகாபி, 120 ரூபாய் காப்புச்சினோவை மலிவாகக் காட்டும், இரண்டையும் ஒரே ஆள் ஒப்பிடுவார் என்பதால். 45 ரூபாய் ஃபில்டர் காபி குடிப்பவர் அவற்றை ஒப்பிடுவதே இல்லை. அவருக்கு அந்த வரி சொல்வது ஒன்றுதான்: கடை கைமாறிக்கொண்டிருக்கிறது, அடுத்து நம் டம்ளர்தான். எனவே தினசரிப் பொருட்களான ஃபில்டர் காபி, டீ, பன், வடை ஆகியவற்றைப் பலகையில் தனிக் கட்டமாக, எப்போதும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவது நல்லது. நங்கூர விளையாட்டெல்லாம் பலகையின் மறுபாதியில் நடக்கட்டும்.

அடுத்தது ரவுண்டு. 99 என்று முடியும் விலைக்கு ஆதாரம் இருக்கிறது. எரிக் ஆண்டர்சனும் டங்கன் சிமெஸ்டரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தபால் வழி விற்கும் ஒரு நிறுவனத்தின் பெண்கள் ஆடையை மூன்று விலையில் வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டினார்கள்: 34, 39, 44 டாலர். 34ஐவிடவும் 44ஐவிடவும் 39 அதிகம் விற்றது. விலை குறைவாக இருந்த 34 அதனிடம் தோற்றது என்பதுதான் இதில் ஆச்சரியம். மனோஜ் தாமஸும் விக்கி மார்விட்ஸும் 2005இல் காட்டியது இதற்கு ஒரு விளக்கம் தருகிறது: எண்ணை நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், முதல் இலக்கம் மாறும்போதுதான் தூரம் பெரிதாகத் தெரிகிறது. 99க்கும் 100க்கும் உள்ள ஒரு ரூபாய், 95க்கும் 96க்கும் உள்ள ஒரு ரூபாயைவிடப் பெரியது.

இதைக் கேட்டுவிட்டுக் கஃபேக்காரர்கள் 99, 149, 199 என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் அந்த எண் கல்லாவரைக்கும் உயிரோடு போவதில்லை. 2017 நவம்பர் 15 முதல் சாதாரண உணவகங்களுக்கு ஜிஎஸ்டி ஐந்து சதவீதம். வரி தனி என்று எழுதிய கடையில் 99 ரூபாய்ச் சாண்ட்விச் பில்லில் 103 ரூபாய் 95 காசாகிறது. மென்பொருள் அதை 104 ஆக்குகிறது. நூறுக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தவர் நூறைத் தாண்டிக் கொடுக்கிறார். பலகையில் கிடைத்த ஒரு ரூபாய் மகிழ்ச்சி, கல்லாவில் நான்கு ரூபாய் ஏமாற்றமாகிறது. நேரே 100 என்று எழுதி வரியும் உள்ளே என்று சொல்லியிருந்தால் இந்த ஏமாற்றம் இல்லை. ஆகவே ரவுண்டாக்கவேண்டியது பலகையின் எண்ணை அல்ல, பில்லின் கடைசி வரியை.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த 45 ரூபாய் ஃபில்டர் காபியே சாட்சி. ஐந்து சதவீதம் சேர்த்தால் 47 ரூபாய் 25 காசு. காசைத் தள்ளி 47 என்று பில் வருகிறது. நம் காலை மனிதர் அந்த 47ஐத்தான் மனப்பாடமாகத் தட்டுகிறார். ஒருநாள் நண்பரோடு வருகிறார். இரண்டு காபி, 94 என்று தட்டுகிறார். பில்லில் 95. ஏனென்றால் 90க்கு வரி நாலரை ரூபாய், மொத்தம் 94 ரூபாய் 50 காசு. அரை ரூபாய் மேலே ஏறி 95 ஆகிவிட்டது. மூன்று பேர் வந்தால் 141 ரூபாய் 75 காசு, பில் 142. அவர் கணக்குப்படி மூன்று நாற்பத்தேழு 141. கடை ஒரு காசுகூட ஏமாற்றவில்லை. மென்பொருள் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக ரவுண்டாக்காமல் மொத்தத்தை ஒருமுறை ரவுண்டாக்குகிறது, அதுதான் சரியும்கூட. ஆனால் ஒரு காபி 47, இரண்டு காபி 95 என்பதை எந்த வாடிக்கையாளருக்கும் கல்லாவில் நின்று விளக்கிவிட முடியாது. "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது சார்" என்ற பதில்தான் கிடைக்கும். நண்பரின் முன்னால் ஒரு ரூபாய்க்காக நின்று பேசவும் அவர் விரும்பமாட்டார். பேசாமல் கொடுத்துவிட்டு, மனத்தில் வைத்துக்கொண்டு போவார்.

தீர்வு சிக்கலில்லாதது. பலகையில் வரியைச் சேர்த்த விலையை எழுதி, பில்லிங் மென்பொருளில் அந்தப் பொருளை 'வரி உட்பட' என்ற வகைக்கு மாற்றவேண்டும். 50 ரூபாய் என்று வைத்தால், மென்பொருள் அதை 1.05ஆல் வகுத்து 47 ரூபாய் 62 காசைப் பொருளின் விலையாகவும், மத்திய வரி 1 ரூபாய் 19 காசு, மாநில வரி 1 ரூபாய் 19 காசு என்றும் பிரித்துக்கொள்ளும். கூட்டினால் சரியாக 50. இரண்டு காபி 100, மூன்று காபி 150. ரவுண்ட் ஆஃப் என்ற வரிக்கே பில்லில் வேலையில்லை. மாற்றும்போது ஒன்றைச் சரிபார்க்கவேண்டும்: சில பொருட்கள் வரி உட்படவும் சில வரி தனியாகவும் மென்பொருளில் கலந்து கிடந்தால் குழப்பம் முன்பைவிட மோசமாகும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சோதனைப் பில் போட்டு, பலகை எண்ணும் பில் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதற்கு அரைநாள் ஆகும். அதைத் தவிர்க்கக்கூடாது. வரியைத் தனியே வசூலிக்க அனுமதியில்லாத தொகுப்புத் திட்டத்தில் இருக்கும் கடைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே பலகை விலையே முழு விலை.

தீர்வு எளிது என்றேன். அதற்கு விலை இல்லை என்று சொல்லவில்லை. 45ஐ 45ஆகவே வைத்து வரியை உள்ளே இழுத்துக்கொண்டால் கடைக்குக் கிடைப்பது 42 ரூபாய் 86 காசு, ஒரு டம்ளருக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் இழப்பு. நாளுக்கு 200 டம்ளர் போகும் கடையில் 428 ரூபாய். நங்கூரம் சம்பாதித்துத் தந்ததை இது அப்படியே தின்றுவிடும். 50ஆக ஏற்றினால் கடைக்கு டம்ளருக்கு 2 ரூபாய் 62 காசு கூடுகிறது, வாடிக்கையாளர் கொடுப்பது 47இலிருந்து 50 ஆகிறது. இதுதான் ரவுண்டு விலையின் உண்மையான குறை. ஐந்தைந்தாகவோ பத்துப்பத்தாகவோ நகரும்போது நடுவில் நிற்க இடமில்லை. 200 ரூபாய்ப் பொருளுக்குப் பத்து ரூபாய் ஐந்து சதவீதம். 25 ரூபாய் டீக்கு ஐந்து ரூபாய் இருபது சதவீதம். அதனால் நூறுக்குக் கீழே ஐந்தின் மடங்கு, மேலே பத்தின் மடங்கு என்று வைத்துக்கொள்வது ஓரளவுக்குச் சமாளிக்கும்.

எல்லா ரவுண்டும் மேல்நோக்கியே போனால் அதை ஜனங்கள் கவனிப்பார்கள். 47 ஐம்பதாகும்போது, 26 ரூபாய் பன் 25 ஆகட்டும், 63 ரூபாய் பொங்கல் 60 ஆகட்டும். எவற்றை இறக்குவது என்றால், காலையில் காபியோடு சேர்த்து எடுக்கப்படுபவற்றை. காபியும் பன்னுமாக முன்பு 73 கொடுத்தவர் இப்போது 75 கொடுப்பார். ஏற்றம் முழுக்க மறைந்துவிடவில்லை, ஆனால் பன்னின் விலை குறைந்ததை அவர் கண்ணால் பார்க்கிறார். இதுவும் ஓர் உத்தி அல்லவா என்று கேட்கலாம். ஆம். இதில் கடை ஒரு ரூபாயை உண்மையாகவே விட்டுக்கொடுக்கிறது, அதனால் எனக்கு இதில் உறுத்தல் இல்லை.

ஏற்றத்தை ஜனங்கள் எப்போது பொறுப்பார்கள் என்பதற்கு 1986இல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் வெளியிட்ட கருத்துக் கேட்பு நல்ல வழிகாட்டி. பனிப்புயலுக்கு மறுநாள் கடைக்காரர் பனி அள்ளும் மண்வெட்டியின் விலையை 15 டாலரிலிருந்து 20 ஆக்குகிறார். சரியா என்று கேட்டார்கள். 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். அதே ஆய்வில், கொள்முதல் விலை ஏறியதால் கடைக்காரர் விலையை ஏற்றுவதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். பழகிய விலையின்மீது வாங்குபவருக்கு ஓர் உரிமை இருக்கிறது, பழகிய லாபத்தின்மீது விற்பவருக்கும் ஓர் உரிமை இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. காபிக் கடைக்கு உண்மையான காரணம் கையிலேயே இருக்கிறது. அராபிகாவின் உலகச் சந்தை விலை 2024 டிசம்பரில் 1977இன் உச்சத்தைக் கடந்தது. தூள் வாங்கும் எவருக்கும் அது தெரியும். காரணத்தை உரக்கச் சொல்லலாம். சொல்லாமல், பலகையைப் புது வடிவத்தில் மாற்றி அதற்குள் ஏற்றத்தைப் புதைத்துவிடுவதுதான் மண்வெட்டிக் கதையாகிறது.

இங்கேதான் கல்லாமேலிருக்கும் அந்தச் சவுண்ட் பாக்ஸ் திரும்ப வருகிறது. சில்லறை புழங்கிய காலத்தில் விலை ஏறினால் கல்லாக்காரர் மீதியைக் குறைத்துக் கொடுப்பார், வாங்குபவர் குனிந்து எண்ணிப்பார்த்துத் தெரிந்துகொள்வார். விஷயம் இருவருக்குள் முடிந்துவிடும். இப்போது வாடிக்கையாளரே தொகையைத் தட்டுகிறார். விலை மாறிய காலையில் அவர் பழக்கத்தில் 47 தட்டுகிறார், பெட்டி அதை ஊர் கேட்கச் சொல்கிறது, "சார், இன்னும் மூணு ரூபா" என்று கல்லாக்காரர் அவரைத் திரும்ப அழைக்கிறார். பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள். தவறு செய்தவரைப்போல அவர் மறுபடி கைபேசியை எடுக்கவேண்டியிருக்கிறது. வருடக்கணக்கில் வந்தவரை ஒரு கடை இதைவிட மோசமாக நடத்திவிட முடியாது, அதுவும் மூன்று ரூபாய்க்காக. எனவே ஏற்றத்துக்கு முன் பத்து நாளாவது க்யூஆர் அட்டையின் பக்கத்திலேயே, அவர் கண் உண்மையில் போகும் இடத்தில், ஒரு தாள் இருக்கவேண்டும்: "15ஆம் தேதி முதல் ஃபில்டர் காபி 50 ரூபாய், வரி உட்பட." பலகையில் எழுதினால் அவருக்குப் போய்ச் சேராது. முதல் ஒரு வாரம் பழைய தொகையைத் தட்டுபவரிடம் மீதியைக் கேட்காமல், "நாளையிலிருந்து ஐம்பதுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பலாம். ஆளுக்கு ஒருமுறை மூன்று ரூபாய் விட்டால் நூறு பேருக்கு 300 ரூபாய். கடையின் விளம்பரச் செலவில் இதைவிட நன்றாகச் செலவான 300 ரூபாய் இருக்காது.

இரண்டு மாற்றங்களையும் ஒரே நாளில் செய்யக்கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். புதுப் பலகை, புது ஜம்போ, புது 240 ரூபாய்க் காபி, கூடவே 50 ஆகிவிட்ட டம்ளர் என்று எல்லாம் ஒரு திங்கட்கிழமை சேர்ந்து வந்தால், வழக்கமாக வருபவர் அனைத்தையும் ஒரே செயலாகப் படிப்பார்: கடையை அலங்கரித்துவிட்டு என் காபியில் கைவைத்தார்கள். முதலில் ரவுண்டு. அது அடங்க நான்கைந்து வாரம். பிறகு பலகையின் மறுபாதியில் நங்கூரம். அளந்து பார்ப்பதற்கும் அப்போதுதான் வழியிருக்கும், எது எதனால் நடந்தது என்று பிரித்துச் சொல்லமுடியும்.

அளப்பது என்றதும் எல்லோரும் சராசரிப் பில் தொகையைத்தான் பார்க்கிறார்கள். அது ஏமாற்றும். தினமும் 50 ரூபாய்க்குக் காபி குடிப்பவர்கள் சிலர் வராமல் போனாலும் சராசரிப் பில் ஏறும், ஏனென்றால் சிறிய பில்கள் குறைந்துவிட்டன. கடை தேய்ந்துகொண்டிருக்கும்போதே எண் வளர்ந்துகொண்டிருக்கும். பார்க்கவேண்டியது காலை ஏழு முதல் ஒன்பது வரை போகும் ஃபில்டர் காபி டம்ளர்களின் எண்ணிக்கை, செவ்வாயைச் செவ்வாயோடும் புதனைப் புதனோடும் ஒப்பிட்டு. ஒரு டம்ளரில் பால், தூள், சர்க்கரைக்குப் பதினைந்து ரூபாய் போனால் கடைக்கு 32 ரூபாய் நிற்கும். 26 நாள் வருபவர் மாதத்துக்கு 830 ரூபாய் தருகிறார். ஜம்போவால் கிடைத்த பதினோராயிரத்தை அழிக்க இப்படிப்பட்டவர்கள் பதின்மூன்று பேர் நின்றுபோனால் போதும். 200 டம்ளர் போகும் கடையில் பதின்மூன்று பேர் குறைந்ததைக் கண் உணராது, டம்ளர் கணக்கு காட்டிவிடும்.

இன்னொரு அடையாளம் எந்த மென்பொருளிலும் வராது, கல்லாவில் நிற்பவரிடம்தான் கேட்டறியவேண்டும். விலை கேட்டே பழக்கமில்லாத முகங்களில் எத்தனை பேர் இந்த வாரம் "எவ்வளவு?" என்று கேட்டார்கள்? மாற்றிய முதல் வாரத்தில் அந்தக் கேள்வி வருவது இயல்பு. மூன்றாவது வாரத்திலும் வந்தால் பலகையிலோ பெயரிலோ பில்லிலோ ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது. ஒரு நோட்டில் கோடு போட்டுவைக்கச் சொன்னால் அந்தப் பையன் செய்வான். எந்தப் பொருளுக்குக் கேட்டார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்லவேண்டும். கோடுகள் காப்புச்சினோ வரியில் குவிந்தால் பெயரைப் பார்க்கவேண்டும், இரண்டு மூன்று டம்ளராக வாங்கியவர்களிடம் குவிந்தால் பில்லின் ரவுண்ட் ஆஃப் வரியைப் பார்க்கவேண்டும்.